நாலரை இஞ்சா, ஆறரை இஞ்சா: 500 அடி போருக்குக் கணக்கு

பாறைப் பாங்கான கொங்கு மண்டலத்தில் வீட்டுக்குப் போர்வெல் போடுபவர்கள் முதலில் கேட்பது அடிக்கு என்ன ரேட் என்பதைத்தான். துளையின் அகலம் நாலரை இஞ்ச் என்றால் மலிவு, சந்தேகமே இல்லை. ஆனாலும் 500 அடி போகிற இடத்தில் நான் ஆறரை இஞ்சைத்தான் சொல்வேன்.

கணக்குக்காக ஒரு ரேட் வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர், டீசல் விலைக்கேற்ப இது மாறும். ஆறரை இஞ்சுக்கு முதல் 300 அடி வரை அடிக்கு 100 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் பத்து ரூபாய் கூடும். 500 அடிக்கு 30,000 + 11,000 + 12,000, ஆக 53,000. மேல்மண் சரியாமல் தடுக்கும் ஏழு இஞ்ச் கேசிங் பைப் 60 அடி, அடி 450 என்றால் 27,000. மொத்தம் 80,000. நாலரை இஞ்சுக்கு 75 ரூபாயில் தொடங்கி அதேபோல் ஏற்றினால் 40,500, ஐந்து இஞ்ச் கேசிங் அடி 250 வீதம் 15,000, மொத்தம் 55,500. வித்தியாசம் 24,500.

இந்தப் பணம் எங்கே திரும்பி வருகிறது? மோட்டாரைத் தூக்கும்போது. நாலரை இஞ்ச் என்பது சுமார் 114 மில்லிமீட்டர். நாலு இஞ்ச் சப்மெர்சிபிள் மோட்டார் சுமார் 98 மில்லிமீட்டர். சுற்றிலும் மிஞ்சுவது எட்டு மில்லிமீட்டர்தான், அதிலேயே கேபிளும் இறங்க வேண்டும். போர் கொஞ்சம் கோணினாலும், பக்கச் சுவரிலிருந்து கோலிக்குண்டு அளவு கல் ஒன்று பம்புக்கும் பாறைக்கும் நடுவில் விழுந்தாலும் மோட்டார் சிக்கிக்கொள்ளும். பலமாக இழுத்தால் பைப் அறுந்து, மோட்டாரோடு போரும் போய்விடும். ஆறரை இஞ்சில் பக்கத்துக்கு 33 மில்லிமீட்டர் இடம் இருப்பதால் பெரும்பாலும் ஆட்டி ஆட்டி எடுத்துவிடலாம்.

கேசிங்கில் மட்டும் எந்த அளவானாலும் மிச்சம் பிடிக்காதீர்கள். ரிக் வெளியே தள்ளும் தூள் செம்மண் நிறம் மாறி, சாம்பல் நிறத்தில் வறண்ட பாறை மாவாக வர வேண்டும். அதன்பிறகும் சில அடி கெட்டிப் பாறைக்குள் பைப் உட்கார வேண்டும். ஏழு இஞ்ச் கேசிங்கில் பத்து அடி குறைத்தால் 4,500 மிச்சம்தான். ஆனால் மழைக்காலத்தில் சேறு இறங்கி பம்பைத் தின்றுவிடும். ஆழத்தை, துளையிட இறக்கும் ராடுகளை எண்ணியே சரிபாருங்கள். ராடு 20 அடி என்றால் 500 அடிக்கு 25 ராடு. கேசிங்கையும் இறக்குவதற்கு முன்பே எண்ணிவிடுங்கள்.

மோட்டார், பைப், கேபிள், ஸ்டார்ட்டர் பெட்டி, இறக்கும் கூலி எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. எதில் இறக்கினாலும் அடியிலிருந்து 20, 30 அடி விட்டே தொங்கவிடுங்கள், வண்டல் அங்கேதான் சேரும்.

150, 200 அடியிலேயே தண்ணீர் நிற்கிற இடத்தில், ஒரே வீட்டுத் தேவைக்கு மூன்று இஞ்ச் மோட்டார் போதும் என்றால் நாலரை தாராளமாகப் போடலாம். மூன்று இஞ்ச் மோட்டாருக்கு அதில் பக்கத்துக்கு 19 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும்.