சிம்பிள் டிஸ்டிலேஷனா, ஃப்ராக்ஷனலா? தெர்மாமீட்டர் என்ன சொல்லுதுன்னு பார்த்து முடிவு பண்ணுவோம்

ஸ்கூல் புக்ல எல்லாரும் ஒரு வரி படிச்சிருப்போம், ரெண்டு திரவத்தோட கொதிநிலை வித்தியாசம் 25 டிகிரிக்கு மேல இருந்தா சிம்பிள் டிஸ்டிலேஷன், கம்மியா இருந்தா ஃப்ராக்ஷனல்னு. பரீட்சைக்கு அது போதும். ஆனா லேப்ல அந்த 25ஐ நம்பி இறங்குனா ஏமாந்துதான் போவோம். நானும் ஒரு கலவைல அப்படி ஏமாந்திருக்கேன், அதனால அந்த கலவையையே எடுத்துக்கிட்டு ரெண்டு முறையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்ப்போம்.

கலவை இதுதான்: சைக்ளோஹெக்ஸேன் 25 மில்லி, டொலுயீன் 25 மில்லி. முதலாவது 80.7 டிகிரில கொதிக்கும், ரெண்டாவது 110.6ல. வித்தியாசம் 30 டிகிரி, புக் கணக்குப்படி சிம்பிள் போதும். சரின்னு 100 மில்லி ரவுண்ட் பாட்டம் ஃப்ளாஸ்க், ரெண்டு மூணு பாயிலிங் சிப்ஸ், மேல தெர்மாமீட்டர், பக்கத்துல கண்டென்சர்னு மாட்டி ஹீட்டிங் மேண்டில்ல வச்சேன் (ரெண்டுமே சட்டுனு தீப்பிடிக்கிற சாமான், பர்னர் பக்கமே போகக்கூடாது). 81ல ஊசி மாதிரி நிக்கும், பாதி வந்ததும் 110க்கு தாவும்னு காத்துட்டு இருந்தா, முதல் சொட்டு விழும்போதே தெர்மாமீட்டர் 90ஐ தாண்டிருச்சு.

ஏன்னா சமபங்கு கலவை 81லயும் கொதிக்காது, 110லயும் கொதிக்காது, நடுவுல கிட்டத்தட்ட 93ல கொதிக்கும். அப்ப கிளம்புற ஆவில சைக்ளோஹெக்ஸேன் கொஞ்சம் தூக்கலா இருக்கும், அவ்ளோதான். அதே வெப்பத்துல டொலுயீனை விட சைக்ளோஹெக்ஸேனோட ஆவி அழுத்தம் சுமாரா 2.4 மடங்கு, அதனால திரவத்துல 50க்கு 50ன்னா ஆவில சுமார் 70க்கு 30ன்னு ஆகும். சிம்பிள்ல இந்த ஒரு தடவைதான் சான்ஸ், ஆவி மேல போச்சு, குளிர்ந்துச்சு, ரிசீவர்ல விழுந்துச்சு, முடிஞ்சுது. முதல் 10 மில்லிய தனியா எடுத்து ஒளிவிலகல் எண் பார்த்தா 1.448 பக்கம் வரும். சுத்த சைக்ளோஹெக்ஸேனுக்கு 1.4266, டொலுயீனுக்கு 1.4969, இந்த ஜோடிக்கு நடுவுல நேர்கோடு போட்டா போதுமான அளவு சரியா வரும், அப்போ 1.448ன்னா கிட்டத்தட்ட 30 சதவீதம் டொலுயீன் கலந்திருக்கு. இருக்கறதுலயே நல்ல பகுதின்னு நம்புற முதல் 10 மில்லியோட லட்சணமே இது!

அடுத்து எப்படி போகும்னு பாருங்க. 19 மில்லி வந்தப்ப 96, 30 மில்லில 99, 38 மில்லில 102 - 103, 44 மில்லில 106 - 107. எங்கயும் நிக்கல, எங்கயும் தாவல, மெதுவா சாய்வா ஏறிக்கிட்டே போகுது. உங்க செட்டப்ல ஒண்ணு ரெண்டு டிகிரி முன்ன பின்ன வரும், ஆரம்பம் கொஞ்சம் கம்மியாவே காட்டும், ஏன்னா ஃப்ளாஸ்க்கோட கழுத்துலயே கொஞ்சம் ஆவி குளிர்ந்து திரும்ப இறங்கும். ஆனா கோட்டோட ஷேப் மாறாது. சமதளமே இல்லாத சாய்வு கோடு வந்தாலே, எந்த இடத்துல ரிசீவர மாத்துனாலும் கையில வர்றது கலவைதான்.

இப்ப அதே 50 மில்லிய ஃப்ராக்ஷனல்ல போடுவோம். ஃப்ளாஸ்க்குக்கும் தெர்மாமீட்டர் தலைக்கும் நடுவுல 30 சென்டிமீட்டர் காலம், அதாவது நிமிர்த்தி மாட்டுற ஒரு கண்ணாடிக் குழாய், உள்ள கண்ணாடி சுருளோ ஸ்டீல் நாரோ அடைச்சது. ஆவி மேல ஏறும்போது அதுல பட்டு குளிர்ந்து திரவமாகும், கீழ இருந்து வர்ற சூடான ஆவி அதை மறுபடி கொதிக்க வைக்கும், இப்படி ஒவ்வொரு படிலயும் அந்த 2.4 மடங்கு கணக்கு திரும்ப திரும்ப நடக்கும். 50 சதவீதம் முதல் படில 71, அடுத்து 85, அடுத்து 93, நாலாவதுல 97ன்னு போகும். சிம்பிள்ல இதை செய்யணும்னா வந்ததை திரும்ப ஊத்தி நாலு தடவை வடிக்கணும், ஒவ்வொரு தடவையும் முதல்ல வர்ற கொஞ்சத்தை மட்டும் எடுத்தாதான் இந்த நம்பர் வரும், கடைசில கையில மிஞ்சுறது சில சொட்டுதான்.

இந்த தடவை தெர்மாமீட்டர் 82ல ஆரம்பிச்சு 83க்குள்ளயே கிடந்துச்சு, கிட்டத்தட்ட 18 மில்லி வர்ற வரைக்கும். அப்புறம் நடந்ததுதான் பார்க்கறவங்கள பயமுறுத்தும்: சொட்டு நின்னு போச்சு, தெர்மாமீட்டர் ஏறாம இறங்க ஆரம்பிச்சுது. ஏதோ லீக் ஆயிடுச்சுன்னு பலர் இங்கதான் ஆஃப் பண்ணிடுவாங்க. லீக் இல்ல, சைக்ளோஹெக்ஸேன் கிட்டத்தட்ட தீர்ந்துருச்சு, டொலுயீன் ஆவிய காலத்தோட தலை வரைக்கும் தள்ள இப்ப குடுக்குற சூடு பத்தல. மேண்டிலை கொஞ்சம் ஏத்தி விட்டு, ரிசீவர மாத்திட்டு பொறுமையா இருந்தா, அஞ்சாறு மில்லிக்குள்ள விறுவிறுன்னு ஏறி 109 - 110ல போய் உக்காரும். நடுவுல வந்த அந்த அஞ்சாறு மில்லி ரெண்டுக்கும் சொந்தமில்லாதது, அதை தனியா வச்சுக்கிட்டு அடுத்த பேட்ச்ல சேர்த்துக்கலாம். முதல் ரிசீவர்ல ஒளிவிலகல் எண் 1.430 வந்துச்சு, அதாவது டொலுயீன் 5 சதவீதம் பக்கம். பர்ஃபெக்ட்னு சொல்ல மாட்டேன், ஆனா முன்னாடி வந்த 30ஓட ஒப்பிட்டா வேற லெவல்.

அப்போ எதுக்கு எது? என் கணக்குல 70 டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்தா சிம்பிள் தாராளமா போதும், கரைஞ்சிருக்கறது ஆவியாகவே ஆகாத திடப்பொருள்னா யோசிக்கவே வேண்டாம். 30, 40 டிகிரின்னா காலம் கட்டாயம், அஞ்சாறு படி வேலை செய்யற காலமா இருக்கணும். 20 டிகிரிக்கு சுமாரா பத்து படி வேணும், 10 டிகிரிக்கு இருபது, அதுக்கு இந்த ஸ்டீல் நார் செட்டப்பெல்லாம் ஒத்து வராது.

காலம் போட்டா எல்லாம் நல்லதுதானே, எப்பவும் போட்டுடலாமேன்னு கேக்கலாம். போட்டா ரெண்டு விலை குடுக்கணும். ஒண்ணு நேரம், சிம்பிள்ல ஒரு நொடிக்கோ ரெண்டு நொடிக்கோ ஒரு சொட்டுன்னு அரை மணில முடிக்கலாம், ஃப்ராக்ஷனல்ல மூணு நாலு நொடிக்கு ஒரு சொட்டுதான், அவசரப்பட்டு சூட்டை ஏத்துனா கீழ இறங்க வேண்டிய திரவத்தை ஆவி இறங்க விடாம தூக்கி பிடிக்கும், காலத்துக்குள்ள திரவம் அடைச்சுக்கிட்டு குமிழி விட்டு மேல தள்ளும். அப்படி ஆனா காலம் இருந்தும் இல்லாத மாதிரிதான், சூட்டை குறைச்சு அது வடியிற வரைக்கும் காத்திருக்கணும். சொட்டு சீரா விழணும்னா காலத்து மேல கண்ணாடி பஞ்சு சுத்தி அலுமினிய ஃபாயில் போடணும், இல்லன்னா ஃபேன் காத்து பட்டாலே ரீடிங் ஆடும்.

ரெண்டாவது விலை, காலம் குடிக்கிற திரவம். அடைச்ச காலத்துல வேலை முடிஞ்சப்புறமும் ரெண்டு மூணு மில்லி ஒட்டிக்கிட்டு நிக்கும். 50 மில்லில அது போனா போகட்டும்னு விடலாம், மொத்தமே 8 மில்லி வச்சிருக்கீங்கன்னா மூணுல ஒரு பங்கு காலத்துக்கு காணிக்கை. அந்த மாதிரி சின்ன அளவுக்கு உள்ள எதுவும் அடைக்காம, பக்கமெல்லாம் முள்ளு முள்ளா குத்தி வச்ச விக்ரோ காலம் பரவால்ல, பிரிக்கிறது கம்மிதான் ஆனா பிடிச்சு வச்சுக்கறதும் கம்மி.

ரீடிங் பத்தி சொல்லாம விட்டா இதெல்லாம் வீண். தெர்மாமீட்டர் குமிழோட மேல் விளிம்பு, கண்டென்சருக்கு போற பக்கக் குழாயோட கீழ் விளிம்புக்கு நேரா இருக்கணும். ஒரு சென்டிமீட்டர் மேல தூக்கி மாட்டிட்டா ஆவி அதை நனைக்காமலே பக்கத்துல திரும்பி போயிடும், நிஜத்தை விட அஞ்சாறு டிகிரி கம்மி காட்டும். நான் ஒரு தடவை அப்படி மாட்டிட்டு, 76 காட்டுதே இது என்ன புது சாமான்னு அரை மணி நேரம் மண்டைய பிச்சுக்கிட்டேன். குமிழ்ல எப்பவும் ஒரு சொட்டு தொங்கிட்டு இருந்தா ரீடிங்க நம்பலாம், காஞ்சு கிடந்தா நம்பாதீங்க. அப்புறம் காத்தழுத்தம், 10 மில்லிமீட்டர் பாதரசம் குறைஞ்சா இந்த மாதிரி திரவங்களுக்கு 0.4 டிகிரி குறையும், உயரமான இடத்துல வேலை பார்க்கறவங்க 80.7 வரலையேன்னு கவலைப்பட வேண்டாம். நோட்டுல "81 - 84 டிகிரி"ன்னு மட்டும் எழுதறதும் பத்தாது, அந்த மூணு டிகிரிக்குள்ள எத்தனை மில்லி வந்துச்சுன்னு சேர்த்து எழுதணும், 2 மில்லிக்கு ஒரு ரீடிங் எடுத்தா கோடு தானா தெரிஞ்சிடும்.

சமதளம் வந்தா சுத்தம்னு முடிவு கட்டறதுலயும் ஒரு பொறி இருக்கு. எத்தில் அசிடேட் 77.1ல கொதிக்கும், எத்தனால் 78.4ல. இந்த கலவைய எவ்ளோ நல்ல காலத்துல போட்டாலும் முதல்ல 72 பக்கத்துல அழகா ஒரு சமதளம் வரும், ஆடாம அசையாம. அது ரெண்டோட கொதிநிலைக்கும் கீழ இருக்கேன்னு அங்கயே சந்தேகம் வரணும். அது எடைக்கணக்குல சுமார் 69 பங்கு அசிடேட்டும் 31 பங்கு எத்தனாலும் சேர்ந்து ஒரே திரவம் மாதிரி கொதிக்கிற அசியோட்ரோப், ஆவிலயும் திரவத்துலயும் ஒரே விகிதம்ங்கறதால படிய எத்தனை கூட்டினாலும் பிரியாது. இதுக்கு காலத்தை நீட்டறது வேஸ்ட். கால்சியம் குளோரைடு கரைசல்ல ரெண்டு மூணு தடவை கழுவுனா எத்தனால் அந்த தண்ணியோட போயிடும், அப்புறம் ஈரம் இல்லாம நல்லா உலர்த்திட்டு வடிச்சா அசிடேட் 77ல நிக்கும், அதுக்கு சிம்பிள் செட்டப்பே போதும்.