ஆறு ஆண்டுகளாக இரண்டு ஹார்டு டிஸ்க்குகள்: ரான்சம்வேருக்குப் பின் கோப்புகளை மீட்ட அனுபவம்

நூல்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்வது என் தொழில். என் கோப்புகளை இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகளில் பேக்கப் எடுக்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் டிஸ்க் எப்போதும் கணினியோடு இணைந்திருந்தது. ஒவ்வோர் இரவும் தானாகவே நகல் எடுத்துக்கொண்டது. இரண்டாவது டிஸ்க் அலமாரியில் இருந்தது. இரு வாரங்களுக்கு ஒருமுறை எடுத்து இணைத்து, நகல் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவேன். முதல் மூன்று ஆண்டுகளில் எனக்கு உதவியதெல்லாம் முதல் டிஸ்க்தான். தவறுதலாக அழித்த கோப்பையோ பழைய பதிப்பையோ அதிலிருந்துதான் எடுத்தேன். இரண்டாவதை வீண் வேலை என்றுகூட நினைத்ததுண்டு. நான்காம் ஆண்டில் அந்த எண்ணம் மாறியது.

அன்று மாலை அண்ணன் மகன் என் கணினியில் ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கிராக் செய்த பதிப்பை இறக்கி நிறுவியிருந்தான். நான் அறைக்குள் வந்தபோது, "சித்தப்பா, விண்டோஸ் அப்டேட் ஓடுது, கொஞ்ச நேரம் ஆகும்" என்றான். திரையில் தெரிந்தது அப்டேட் சாளரத்தைப் போலவே இருந்ததால் நானும் நம்பினேன். அரைமணி நேரத்துக்குப் பின் ஒரு பக்க வடிவமைப்புக் கோப்பைத் திறக்க முயன்றபோது அது திறக்கவில்லை. கோப்புறையைப் பார்த்தால், எல்லாக் கோப்புகளின் பெயர் இறுதியிலும் நான் அறியாத நான்கெழுத்து நீட்டிப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஐகான்கள் வெள்ளைத் தாளாக மாறியிருந்தன. கோப்புறைதோறும் `_readme.txt` என்ற புதிய கோப்பு இருந்தது. அதில் 980 டாலர் கேட்டிருந்தார்கள்; 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதித் தொகை போதும் என்றும் எழுதியிருந்தது. இந்த அடையாளங்கள் அனைத்தும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நிரல்களில் ஸ்டாப், டிஜேவு என்ற பெயர்களால் அறியப்படும் குடும்பத்துக்கு உரியவை. தனி மனிதர்களின் கணினிகளை, பெரும்பாலும் கிராக் மென்பொருள்கள் வழியாகவே, தாக்கும் குடும்பம் அது. அப்டேட் போன்ற அந்தச் சாளரம், வேலை முடியும்வரை கணினியின் வேகக் குறைவுக்குக் காரணம் காட்டுவதற்காக வைத்த திரைமறைப்பு.

இவ்வளவு விரைவில் எப்படி முடிந்தது என்பதே எனக்கு முதலில் விளங்கவில்லை. என்னிடம் இருந்தவை சுமார் 48,000 கோப்புகள், மொத்தம் 640 ஜி.பி. அத்தனையையும் முழுமையாகப் படித்து மாற்றி எழுதுவதென்றால் பல மணி நேரம் ஆகும். ஆனால் இந்த வகை ரான்சம்வேர் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கே.பி. அளவை மட்டுமே குறியாக்கம் செய்கிறது. அப்படியானால் அது மாற்றி எழுதவேண்டியது 7 ஜி.பி. அளவுதான். கோப்பின் தலைப்பகுதி கெட்டால் அதைத் திறக்கும் மென்பொருளால் அதை அடையாளம் காண முடியாது என்பதால், அதற்கு மேல் மெனக்கெட வேண்டிய தேவையே இல்லை. பின்னர் வேறொரு கணினியில் ஒரு பி.டி.எஃப். கோப்பின் பைட்டுகளைப் பார்த்தேன். முதல் வரியிலேயே பொருளற்ற எழுத்துகள் இருந்தன. சற்றுக் கீழே இறங்கினால் பழைய உள்ளடக்கம் அப்படியே கிடந்தது.

விண்டோஸ் இயங்கத் தேவையான கோப்புறைகளை அது தொடவில்லை. கணினி தொடர்ந்து இயங்கினால்தான் பணம் கேட்கும் கடிதத்தை நாம் படிக்க முடியும். அதே நேரம், விண்டோஸ் தன்னுள் வைத்திருக்கும் பழைய நிழல் நகல்களை இதுபோன்ற நிரல்கள் பின்வரும் ஒற்றைக் கட்டளையால் அழித்துவிடுகின்றன:

```
vssadmin delete shadows /all /quiet
```

"முந்தைய பதிப்புகள்" என்ற வசதியை நம்பியிருந்தவர்களுக்கு அந்த வழியும் அத்துடன் அடைபட்டுவிடுகிறது. என் கணினியிலும் அந்தப் பட்டியல் காலியாகவே இருந்தது.

பூட்டைத் திறப்பது ஏன் இயலாது என்பதையும் சொல்லவேண்டும். தாக்கியவர்களின் சர்வரிலிருந்துதான், கோப்புகளைக் குறியாக்கப் பயன்படும் சாவியை நிரல் பெற்றுக்கொள்கிறது. திறப்பதற்கு வேண்டியது நம் கணினியில் எங்கும் தங்குவதில்லை. சர்வரைத் தொடர்பு கொள்ள முடியாதபோது மட்டும், நிரலுக்குள்ளேயே பொதிந்த பொதுச் சாவி ஒன்றைப் பயன்படுத்துகிறது. அந்தச் சாவி பலருக்கும் ஒன்றே என்பதால், அது எப்போதாவது வெளிப்பட்டால் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் மீட்புக் கருவியால் கோப்புகளைத் திறக்க இடமுண்டு. எது நேர்ந்தது என்பதைக் கடிதத்தின் அடியில் உள்ள அடையாள எண் காட்டிவிடும்: அது `t1` என்று முடிந்தால் பொதுச் சாவி. என்னுடையது அப்படி முடியவில்லை.

நான் செய்த முதல் வேலை, இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கணினியை அணைத்ததுதான். ஆனால் அதற்குள் முதல் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டுவிட்டது. மூன்று ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் தவறாமல் எடுத்த நகல்கள், மூலக் கோப்புகள் போன அதே அரைமணி நேரத்தில் போயின. ரான்சம்வேருக்குப் பேக்கப் டிஸ்க் என்று தனியாக ஒன்று இல்லை. எழுத அனுமதி உள்ள எந்த டிரைவ் எழுத்தும் அதற்கு ஒன்றுதான். அலமாரியில் இருந்த டிஸ்க் தப்பியதற்குக் காரணம் அதில் இருந்த எந்த மென்பொருளும் அல்ல. அதற்கு மின்சாரம் இல்லை, கேபிள் இல்லை. ஆகவே அதை எட்ட வழியும் இல்லை. 2017 ஜூனில் நோட்பெட்யா என்ற நிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை உலகெங்கும் முடக்கியபோது, வலையமைப்பின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வர்களான அந்நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்களில் தப்பிய ஒன்று கானாவில் இருந்தது. அந்த நேரத்தில் அங்கே மின்தடை ஏற்பட்டு அது அணைந்திருந்ததே காரணம். அவர்களுக்குத் தற்செயலாக வாய்த்ததை நாம் திட்டமிட்டே செய்துகொள்ள முடியும்.

அந்த டிஸ்க்கை உடனே இணைத்துப் பார்க்கத்தான் கை துடித்தது. அப்படிச் செய்திருந்தால் அதையும் இழந்திருப்பேன். இந்த வகை நிரல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னையே மீண்டும் இயக்கும்படி விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணியைப் பதித்து வைக்கிறது. புதிதாக இணைக்கும் டிஸ்க் அடுத்த சுற்றில் பூட்டப்பட்டுவிடும். ஆகவே வேறொரு கணினியில் லினக்ஸ் யூ.எஸ்.பி. ஒன்றைத் தயாரித்து, அந்தக் கணினியை அதிலிருந்து தொடங்கி, இரண்டாவது டிஸ்க்கை வாசிப்பு முறையில் மட்டும் இணைத்துப் பத்துப் பன்னிரண்டு கோப்புகளைத் திறந்து பார்த்தேன். அனைத்தும் திறந்தன. அதன் பின்னரே என் கணினியின் டிஸ்க்கை முழுதாக அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவி, கோப்புகளை நகலெடுத்தேன். 640 ஜி.பி. திரும்பி வர ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்கு அமர்ந்தேன்.

இழப்பு இல்லாமல் இல்லை. கடைசியாக அலமாரி டிஸ்க்கை இணைத்தது பதினொரு நாள்களுக்கு முன்பு. அதற்குப் பின் செய்த வேலை அதில் இல்லை. கிளவுடில் ஒத்திசைந்துகொண்டிருந்த ஒரு கோப்புறையில் பூட்டப்பட்ட கோப்புகளே மேலேறி நல்ல கோப்புகளின் இடத்தைப் பிடித்திருந்தன. ஆயினும் அந்தச் சேவை பழைய பதிப்புகளைச் சில வாரங்கள் வைத்திருந்ததால், ஒவ்வொன்றாகச் சொடுக்கி ஒரு பகுதியை மீட்டேன். இரண்டு நூல்களின் திருத்தங்களை முதலிலிருந்து மறுபடி செய்யவேண்டியிருந்தது. மற்றொன்று பேக்கப்பால் தீராதது: இந்த ரான்சம்வேரோடு கடவுச்சொற்களைத் திருடும் நிரல்களும் சேர்ந்து வருவதுண்டு. ஆகவே பிரவுசரில் சேமித்திருந்த அத்தனை கடவுச்சொற்களையும் வேறொரு கணினியிலிருந்து மாற்றினேன். வெளியே போய்விட்ட தகவலை எந்த டிஸ்க்கும் திரும்பக் கொண்டுவராது.

இந்த இரண்டு ஆண்டுகளாக என் முறை சற்று மாறியுள்ளது. இப்போது இரண்டு டிஸ்க்குகளும் அலமாரியில்தான் இருக்கின்றன. வாரம் ஒன்று என்று மாறி மாறி இணைக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் இணைப்பதே இல்லை. இதனால் என் அதிகபட்ச இழப்பு ஒரு வார வேலை. இணைத்திருக்கும் நேரத்திலேயே தாக்குதல் நிகழ்ந்தாலும் மற்றொரு டிஸ்க்கில் ஒரு வாரப் பழைய நகல் மிஞ்சும்.

எனக்கு இன்னும் அச்சம் தருவது வேறொன்று. நான் பயன்படுத்தும் `robocopy /MIR` கட்டளை, நகலை மூலத்தைப் போலவே ஆக்கிவிடும். கோப்புகள் பூட்டப்பட்டதை அறியாமல் அதை இயக்கினால், புதிய பெயருள்ள பூட்டிய கோப்புகளை நகலில் சேர்த்து, பழைய பெயருள்ள நல்ல கோப்புகளை மூலத்தில் இல்லாதவை என்று கருதி நானே அழித்துவிடுவேன். ஆகவே டிஸ்க்கை இணைக்கும் முன் ஐந்து கோப்புறைகளிலிருந்து தலா ஒரு கோப்பைத் திறந்து பார்க்கிறேன். இணைத்த பின்னும், எதையும் மாற்றாமல் பட்டியலை மட்டும் தரும் ஒத்திகையைத்தான் முதலில் ஓட்டுகிறேன்:

```
robocopy D:\work F:\backup /MIR /L /LOG:C:\temp\check.txt
```

சாதாரண வாரத்தில் இந்தப் பட்டியலில் இருநூறு, முந்நூறு கோப்புகள் வரும். மூலத்தில் மட்டும் உள்ளவற்றைக் காட்டும் `New File` என்ற வரிகளும் நகலில் மட்டும் உள்ளவற்றைக் காட்டும் `*EXTRA File` என்ற வரிகளும் ஆயிரக்கணக்கில், ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் வந்தால், பெயர்கள் கூட்டமாக மாறியிருக்கின்றன என்று பொருள்; உடனே கேபிளைக் கழற்றவேண்டும். ஒருமுறை அப்படி வந்து பதறிப்போனேன். நானே ஒரு பெரிய கோப்புறையின் பெயரை மாற்றியிருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பெயரை மாற்றாமலேயே குறியாக்கம் செய்யும் ரான்சம்வேர்களும் உண்டு. அவை இதில் `Newer` என்ற வரிகளாக மட்டுமே தெரியும். அதனால்தான் கோப்புகளைத் திறந்து பார்க்கும் வழக்கத்தை விடவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோப்புறையை முழுதாக மீட்டுப் பார்க்கிறேன். சென்ற ஆண்டு அப்படிப் பார்த்தபோது, ஒரு டிஸ்க்கில் சில கோப்புகள் நகலாக மறுத்து நின்றன. அதைப் பயன்பாட்டிலிருந்து நீக்கிப் புதியது வாங்கினேன். அலமாரியில் சும்மா இருந்தாலும் டிஸ்க்குக்கு வயதாகிறது.

பூட்டிய பதினொரு நாள் கோப்புகளை நான் அழிக்கவில்லை. ஒரு பழைய யூ.எஸ்.பி.யில் அந்தக் கடிதத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். என்றாவது சாவிகள் வெளிவந்தால் அடையாள எண்ணும் தேவைப்படும். அவற்றில் இருந்த ஒரு பெரிய ஜிப் தொகுப்பை மட்டும், முதல் 150 கே.பி.யைத் தவிர மற்றவை நன்றாக இருந்ததால், ஜிப் மீட்புக் கருவி ஒன்றைக் கொண்டு கடந்த மாதம் திறந்துவிட்டேன். உள்ளே இருந்த 63 படங்களில் முதலாவது மட்டும் கிடைக்கவில்லை.