இரண்டு குளிசையா, ஒன்று மட்டுமா?

கருக்கலைப்புக்கு முழுமையான முறையில் இரண்டு மருந்துகள். முதலில் மிஃபெப்ரிஸ்டோன், கருவைத் தாங்கும் புரோஜெஸ்டரோனின் வேலையை அது தடுக்கும். 24 முதல் 48 மணி நேரம் கழித்து எடுக்கும் மிசோப்ரோஸ்டோல் கருப்பையைச் சுருங்க வைத்து வெளியேற்றும். மிசோப்ரோஸ்டோல் மட்டும் எடுத்தாலும் வேலை செய்யும். ஆனால் பல தடவை எடுக்க வேண்டிவரும், காய்ச்சலும் வயிற்றோட்டமும் கூடும், முழுதாகக் கலையாமல் போகும் வாய்ப்பும் அதிகம். இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிப்பதால், வன்னியில் களவாகக் கைமாறும் குளிசை எதுவென்றே பலருக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

இரண்டு முறையிலும் மாதவிடாயைவிடக் கூடுதலாகக் கட்டிகளோடு இரத்தம் போகும். சில மணி நேரத்தில் குறைந்து, பிறகு இரண்டு வாரமளவுக்குக் கசியலாம். துணுக்காய்ப் பக்கம் ஒரு பெண், இரவு ஏழு மணியிலிருந்து எட்டுக்குள் இரண்டு பெரிய பாட், ஒன்பதுக்குள் இன்னும் இரண்டு முழுதாக நனைத்துவிட்டாள் என்று வையுங்கள். விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வைத்தியசாலை தூரம், உடனே 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஒரு நாளுக்குப் பிறகும் காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை என்றாலும் போக வேண்டும். இரத்தமே வராமல் ஒருபக்க வயிற்றுவலி, தோள்வலி, மயக்கம் என்றால் கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கலாம். அதை எந்தக் குளிசையும் கலைக்காது.

அப்புறம், பத்து நாளுக்குள்ளேயே மறுபடி கரு தங்கலாம். கருத்தடைக் குளிசையை அன்றே தொடங்கலாம். லூப் மட்டும், முழுதாகக் கலைந்தது உறுதியான பிறகு.