ரேடார் தூரமா, கண்ணால் எடுத்த பேரிங்கா: ஜிபிஎஸ் தவறும்போது எதை நம்புவது?

2025 ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் மோதிக்கொண்ட நாட்களில், ஹோர்முஸ் நீரிணையில் நூற்றுக்கணக்கான கப்பல்களின் ஜிபிஎஸ் குழம்பியது. கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்களைத் திரை கரைமேல் காட்டியது. அந்த அளவுக்குப் பிசகினால் யாருக்கும் உடனே தெரிந்துவிடும். சிக்னலை முழுக்க அடைத்துவிட்டாலும் அலாரம் அடிக்கும். பயப்பட வேண்டியது வேறொன்று: அலாரமே இல்லாமல், நம்பும்படியாக ஒன்றரை கடல் மைல் தள்ளி நிற்கும் பொசிஷன். அதைப் பிடிக்க, கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று ரேடாரில் அளக்கும் தூரம். மற்றது, வடக்கைக் காட்டும் கைரோ திசைகாட்டியின் ரிப்பீட்டரில் அசிமுத் வளையம் வைத்து, கண்ணால் பார்த்து எடுக்கும் பேரிங், அதாவது ஒரு பொருள் வடக்கிலிருந்து எத்தனை டிகிரியில் இருக்கிறது என்ற கோணம்.

முதலில் ரேடார் தூரம். இதன் பெரிய பலம், இதற்குக் கைரோ தேவையில்லை என்பது. கப்பலின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் பாறை ஐந்து மைல் என்றால் ஐந்து மைல்தான். சர்வதேச விதிப்படி, ரேடார் தூரத்தின் பிழை 30 மீட்டர், அல்லது அப்போது திரை எவ்வளவு தூரம் வரை காட்டுகிறதோ அந்த ரேஞ்ச் ஸ்கேலில் 1 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அதற்குள் இருக்க வேண்டும். 24 மைல் ஸ்கேலில் அது சுமார் 440 மீட்டர். 6 மைல் ஸ்கேலுக்கு இறக்கினால் 110 மீட்டர். அளக்கும் முன் ஸ்கேலைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

ஆனால், அது எந்தப் பொருளின் தூரம் என்று ரேடார் சொல்லாது. ஹோர்முஸின் தென்கரையில் உள்ள முசந்தம் பக்கத்துச் செங்குத்துப் பாறைகளில் எதிரொலியின் விளிம்பு கூர்மையாக விழும். அங்கே தூரம் நன்றாகக் கிடைக்கும். தாழ்வான மணற்கரையில் அப்படியல்ல. கரை திரும்பி ஒலிக்காமல், உள்ளே இருக்கும் மேடுதான் திரையில் தெரியும். அதைக் கரையென்று எடுத்துக்கொண்டால் கப்பல் உண்மையில் கரைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆபத்தான பக்கமாகவே தவறுகிறோம். இங்கே எந்த 1 சதவீதக் கணக்கும் உதவாது.

பேரிங்கின் பலம் இதற்கு நேரெதிர். கலங்கரை விளக்கத்தை நாம் கண்ணால் பார்க்கிறோம். பகலில் கோபுரத்தின் வடிவமும் நிறமும், இரவில் விளக்கின் மின்னலும் அது எது என்று சொல்லிவிடுகின்றன. கை நிதானமாக இருந்தால் அரை டிகிரிக்குள் எடுக்கலாம். ஐந்து மைலில் அரை டிகிரி என்பது சுமார் 80 மீட்டர்.

பலவீனம் கைரோவில் இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கப்பல் நகர்வதால் வரும் வேகப் பிழையைக் கைரோ திருத்திக்கொள்ள அட்சரேகையும் வேகமும் வேண்டும். பல கப்பல்களில் இவை ஜிபிஎஸ்ஸிலிருந்துதான் போகின்றன. ஹோர்முஸின் அட்சரேகையில் 15 நாட் வேகத்தில் நேர் வடக்கே போனால் இந்தப் பிழை சுமார் 1 டிகிரி. பொய்யான ஜிபிஎஸ் வேகத்தை 60 நாட் என்று கொடுத்தால் கைரோ 4 டிகிரிக்கு மேல் திருத்தும். அதாவது பேரிங் எல்லாமே 3 டிகிரி பிசகும். ஜிபிஎஸ்ஸைச் சோதிக்க எடுத்த கருவியே ஜிபிஎஸ் சொன்னதைக் கேட்டு நடக்கிறது! எனவே அட்சரேகையையும் வேகத்தையும் கையால் கொடுத்துவிட வேண்டும். இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வரும்போது பேரிங் எடுத்து, வரைபடக் கோணத்தோடு ஒப்பிட்டால் கைரோ பிழை உடனே தெரியும்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஜிபிஎஸ் பொசிஷனை வரைபடத்தில் இட்டால், ஒரு பாறைத் தீவின் கலங்கரை விளக்கம் 200 டிகிரியில் 4.2 மைல் இருக்க வேண்டும். ரேடாரில் அளந்தால் 5.1 மைல். கண்ணால் எடுத்த பேரிங் 214. இரண்டையும் சேர்த்து இட்டால், கப்பல் ஜிபிஎஸ் சொல்லும் இடத்திலிருந்து ஏறக்குறைய 1.4 மைல் கிழக்கே நிற்கிறது. இது நம் அளவுப் பிழையாக இருக்குமா? தூரத்தில் நூறு மீட்டர் சொச்சம், பேரிங்கில் 80 மீட்டர். கைரோ 2 டிகிரி தவறியிருந்தாலும் 330 மீட்டர்தான். 1.4 மைல் என்பது 2,600 மீட்டர். பழி ஜிபிஎஸ் மேல்தான் விழும். அதுவே வித்தியாசம் 0.1 மைலாக இருந்திருந்தால் எதையும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த அளவுகளில் அது ஒரே பக்கம் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் தூரத்தை எடுப்பேன், அடையாளம் சந்தேகமில்லாமல் தெரிந்தால் மட்டும். இரண்டும் கிடைக்கும்போது, கப்பல் நிற்கும் இடத்தை உறுதிசெய்ய, ஒரே பொருளின் பேரிங்கும் தூரமும் போல வேகமான ஃபிக்ஸ் வேறில்லை. மூன்றாவதாக இன்னொரு பாறையின் தூரத்தைச் சேர்த்தால், முதல் பாறையைத் தவறாக அடையாளம் கண்டிருந்தாலும், அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து வரையும் வளைவு அந்தப் புள்ளியில் வந்து சேராது, காட்டிக்கொடுத்துவிடும். ரேடாரிலேயே பேரிங்கும் எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். ரேடார் கற்றையின் அகலம் கரையின் முனையைத் திரையில் இருபுறமும் வீங்க வைக்கும். கண்ணுக்கு அது ஈடில்லை.

கப்பல்கள் தங்கள் ஜிபிஎஸ் பொசிஷனை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் ஏஐஎஸ்ஸைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டாம். சுற்றியுள்ள கப்பல்களும் நம்மைப் போலவே ஒரே பக்கம் அதே அளவு தள்ளப்பட்டிருந்தால், அவற்றின் ஏஐஎஸ் குறிகள் ரேடார் எதிரொலிமேல் கச்சிதமாக உட்காரும். எல்லாம் சரி என்று தோன்றும். மின்னணு வரைபடமான எக்டிஸ் திரையில் ரேடார் படத்தை மேலே போட்டு, கரையின் எதிரொலி வரைபடக் கரையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே சோதனை. கரையின் இடத்தை எந்தச் சிக்னலும் நகர்த்த முடியாது.

அடையாளத்தை ஜிபிஎஸ்ஸிடம் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1995இல் ராயல் மெஜஸ்டி பட்ட பாடு இருக்கிறது. பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன அந்தப் பயணிகள் கப்பலில், புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிள் கழன்றது. கருவி சத்தமில்லாமல் வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசக் கணக்குக்கு மாறிக்கொண்டது. மறுநாள் மாலை ரேடாரில் ஒரு மிதவை தெரிந்தது. எதிர்பார்த்த நேரத்தில், எதிர்பார்த்த திசையில் வந்ததால் முதன்மை அதிகாரி அதை BA மிதவை என்று முடிவுசெய்தார். சூரியக் கூச்சத்தில் கண்ணால் பார்க்க முடியவில்லை. உண்மையில் அது சுமார் 15 மைல் தள்ளியிருந்த AR மிதவை. அன்றிரவு, 17 மைல் விலகி, நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் கப்பல் ஏறியது. ரேடார் அளந்த தூரம் சரியாகத்தான் இருந்தது. அளந்த பொருளுக்கு வைத்த பெயர்தான் தவறு.

எடுக்கும் வரிசையிலும் இரண்டும் எதிரெதிர். பக்கவாட்டில் உள்ள பொருளின் பேரிங் வேகமாக மாறும், எனவே அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். தூரத்தில், முன்னும் பின்னும் உள்ளவைதான் வேகமாக மாறும்; அவற்றைக் கடைசியில் அளக்க வேண்டும். வளைகுடாவில் கோடைத் தூசி மூடினால் பேரிங்கே கிடைக்காது. அப்போது இரண்டு தூரங்கள் இரண்டு இடத்தில் வெட்டும். எந்த வெட்டு நம்முடையது என்பதை மூன்றாவது தூரமோ, எக்கோ சவுண்டர் காட்டும் ஆழமோ சொல்லும்.