கை நடுங்குறவங்களும் கண்ணு மங்குனவங்களும் போன்ல லாகின் பண்றது: எங்க வீட்டு அனுபவம்

எங்கப்பாவுக்கு கை நடுக்கம், அம்மிச்சிக்கு சர்க்கரையால கண்ணு ரொம்ப மங்கிப்போச்சு. ரெண்டு பேரும் பொள்ளாச்சி பக்கம் தோப்புல இருக்காங்க, நான் திருப்பூர்ல. தேங்கா காசு பேங்க்ல விழுந்துச்சான்னு பாக்கறது, ஆளுகளுக்கு கூலி அனுப்பறது, கரண்ட் பில்லு எல்லாமே போன்லதான். இத்தன நாளா ரெண்டு போனையும் நோண்டிட்டே இருக்கறதுல எது நின்னு வேலை செய்யுது, எது பேருக்கு மட்டும் இருக்குன்னு ஓரளவு புடிபட்டுச்சுங்க, அதத்தான் எழுதறேன்.

மொதல்ல நடுக்கம். அப்பாவுக்கு கை சும்மா இருக்கறப்ப அவ்வளவா தெரியாது, ஒண்ண குறி வெச்சு தொடப்போறப்பதான் ஆட்டம் ஜாஸ்தி. அதனால PIN அடிக்கறப்ப ரெண்டு விதமா தப்பாகும். 5 அடிக்கப்போயி வழியில 2 மேல லேசா உரசிரும், இல்லன்னா ஒரே நம்பர்ல விரல் குதிச்சு 55ன்னு விழுந்துரும். ரெண்டும் வேற வேற வியாதி, மருந்தும் வேற. அவரு வெச்சிருக்கறது சாம்சங், அதுல Accessibility உள்ள Interaction and dexterity-ன்னு இருக்கு, அங்க Tap duration வெச்சா அவ்வளவு நேரம் தொட்டாத்தான் தொட்டதா எடுத்துக்கும், உரசலுக்கு அது. குதிக்கறதுக்கு Ignore repeated touches. ஐபோன் வெச்சிருக்கவங்களுக்கு இதே சமாச்சாரம் Touch Accommodations-ங்கற பேர்ல இருக்கு.

ஆனா நேரத்த ஏத்திட்டே போகக்கூடாதுங்க. Tap duration ஒரு செகண்டுக்கு வெச்சா அந்த ஒரு செகண்டு விரல் அசையாம நிக்கணும், நடுங்கற கை எங்க நிக்கும், பக்கத்து கட்டத்துக்கு நழுவிரும், போன் செத்துப்போன மாதிரி எதுவுமே விழாது. அப்பாவுக்கு 0.3 செகண்டு பக்கம்தான் சரியா வந்துச்சு. ரிப்பீட்டுக்கு அர செகண்டு. இதுல இன்னொண்ணு, PIN-ல ஒரே நம்பர் அடுத்தடுத்து வரக்கூடாது. 4477ன்னு வெச்சிருந்தா ரெண்டாவது 4-ஐ போனே தள்ளி விட்டுரும், நாம PIN தப்புன்னு நெனச்சுக்குவோம். எத்தன புள்ளி விழுந்துச்சுன்னு எண்ணிப்பாத்தா தெரிஞ்சுரும், நாலு இருக்க வேண்டிய எடத்துல மூணோ ரெண்டோ இருந்தா நம்பர் மறக்கல, செட்டிங்தான் காரணம். அப்பறம் போன கையில புடிக்காம மேசைல படுக்க வெச்சு, மணிக்கட்ட மேசைல ஊனிட்டு அடிச்சா பாதி ஆட்டம் கொறையுது, இது எந்த செட்டிங்கவிட மேல்.

கைரேக வெச்சா இதெல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும். மட்டையும் மண்வெட்டியும் புடிச்ச கைங்க அது, கட்டைவிரல்ல ரேகையே தேஞ்சு போச்சு. ஸ்க்ரீனுக்கு உள்ள இருக்கற சென்சார் அவருக்கு பெரும்பாலும் "மறுபடியும் வைங்க"ன்னேதான் சொல்லும், ஏன்னா வழவழன்னு இருக்கற கண்ணாடில விரல் நிக்கறதில்ல. பக்கவாட்டுல பவர் பட்டன்லயே சென்சார் இருக்கற போனு மாத்துனதுக்கப்பறம் நெலம வேற, பட்டன் குழிஞ்சு இருக்கறதால விரல் அதுல ஊனி நிக்குது. கட்டைவிரல விட்டுட்டு வேலைக்கு கம்மியா போற இடது ஆள்காட்டி விரல பதிஞ்சோம், அதே விரல ரெண்டு தடவ தனித்தனியா பதிஞ்சோம், ஒருக்கா கை கழுவி தொடச்சதும், ஒருக்கா வேலைல இருந்து வந்த காஞ்ச கையோட. இப்ப பெருசா படுத்தறதில்ல.

ஒரு விசயம் மட்டும், ரேக இருக்குன்னு PIN-ஐ மறந்துறக்கூடாது. ஆப் பண்ணி ஆன் பண்ணா ஆண்ட்ராய்டு PIN கேக்கும், பண்ணாட்டியும் 72 மணி நேரத்துக்கு மேல PIN அடிக்காம இருந்தா கேட்டுரும். அது ரிப்பேர் கெடையாது, அப்படித்தான் வெச்சிருக்காங்க.

இனி அம்மிச்சி. அவங்களுக்கு டாக்பேக், விரல தடவுனா தடவுன எடத்துல என்ன இருக்குன்னு படிக்கும், ரெண்டு தட்டு தட்டுனா அமுங்கும். தமிழ் குரல் இருக்கு, வேகத்த கொறச்சு வெச்சா அவங்களுக்கு நல்லா புரியுது. ரெண்டு வால்யூம் பட்டனையும் சேத்து மூணு செகண்டு புடிச்சா ஆன், மறுபடி புடிச்சா ஆப், வேற யாராச்சும் போன வாங்கறப்ப இது முக்கியம், இல்லன்னா அவங்களுக்கு போனே ஓடாது. பாஸ்வேர்டு கட்டத்துல மட்டும் "கண்ணு, இது என்னமோ புள்ளி புள்ளிங்குது"ன்னு கூப்பிட்டாங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கு கேட்டுறக்கூடாதுன்னு எழுத்த சொல்லாம விடுது. ஒத்தக் காதுல வயர் இயர்போன மாட்டிவிட்டா தீந்துச்சு, காதுக்கு மட்டும் சொல்லிரும். டாக்பேக் செட்டிங்ல Speak passwords-னு ஒண்ணு இருக்கு, அது இயர்போன் இல்லாமயே சத்தமா சொல்ல வெக்கறது, அத ஆன் பண்ணாதீங்க, திண்ணைல உக்காந்திருக்கவங்க எல்லாருக்கும் பாஸ்வேர்டு மனப்பாடம் ஆயிரும்.

வாயால சொல்லி லாகின் பண்றது இப்போதைக்கு எங்களுக்கு ஒதவலைங்க. ஜிபோர்டு மைக்ல தமிழ்ல பேசி தேடலாம், வாட்ஸப் அனுப்பலாம், பாஸ்வேர்டு கட்டம்னு வந்தா மைக்கே மறஞ்சுரும். போன முழுசா பேசியே ஓட்டற வாய்ஸ் ஆக்சஸ்ல தமிழ் கெடையாது, அம்மிச்சிகிட்ட "டேப் செவன்" சொல்ல வெக்கறது நடக்கற காரியமா?

நெசமான தலவலி போனத் தொறக்கறதுல இல்ல, ஆப்புக்கு உள்ளதான். ஒரு பேங்க் ஆப், பேரு வேண்டாம், அப்டேட்டுக்கு அப்பறம் தொறந்த ஒடனே மூடிக்க ஆரம்பிச்சுது. டாக்பேக்க ஆப் பண்ணிட்டு தொறந்தா ஓடுது, ஆன் பண்ணா மூடிக்குது, இப்படி இருந்தா காரணம் இதுதான்னு முடிவே பண்ணிக்கலாம். திருட்டு ஆப்புங்க accessibility அனுமதிய வாங்கித்தான் ஸ்க்ரீன ஒட்டுப்பாக்குது, அதுக்கு பயந்து எல்லாத்தையும் சேத்து தடுத்துட்டாங்க. எது போனோட வந்த டாக்பேக், எது நேத்து எறக்குன திருட்டு ஆப்புன்னு பிரிச்சுப் பாக்க வழி இல்லாம இல்ல, சோம்பேறித்தனம். இன்னொரு ஆப்ல ஓடிபிக்கு ஆறு தனித்தனி கட்டம், டாக்பேக் ஒவ்வொண்ணையும் ஒரே மாதிரி "எடிட் பாக்ஸ்"னு படிக்குது, எத்தனாவதுல நிக்கறோம்னே தெரியாது, அதுக்குள்ள டைம் முடிஞ்சுரும். Time to take action-னு போன்ல ஒண்ணு இருக்கே, ரெண்டு நிமிசம் வரைக்கும் வெக்கலாமேன்னு பாத்தா, அது வந்து மறையற அறிவிப்புகளத்தான் நீட்டும், ஆப்போட ஓடிபி கடிகாரத்த ஒண்ணும் பண்ணாது. ஓடிபி தானா விழற ஆப்பா பாத்து வெச்சுக்கிட்டதுதான் நாங்க கண்ட வழி.

கூலி அனுப்பறதுக்கு 2025 அக்டோபர்ல யுபிஐக்கு PIN பதிலா ரேகையோ மொகமோ காட்டலாம்னு வந்துச்சு பாருங்க, அப்பாவுக்கு அதுதான் பெரிய ஒதவி. ஆரம்பத்துல 5,000 ரூபா வரைக்கும்தான், ஆப்புல நாமதான் போயி ஆன் பண்ணணும். அதுக்கு மேல போனா PIN-தான், மேசைல கைய ஊனிட்டு அடிக்கறாரு. சின்ன சின்ன தொகைக்கு யுபிஐ லைட்டு, அதுக்கு எதுவும் அடிக்கவே வேண்டாம்.

அந்த மூடிக்கற ஆப்பு விசயமா பேங்குக்கு எழுதிருக்கேன். கண் தெரியாதவங்களும் கேவைசிய தானா முடிக்கற மாதிரி இருக்கணும்னு 2025 ஏப்ரல் 30ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிருக்கு, அதையும் எழுதுனேன். "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு வந்துச்சு, அவ்வளவுதான். அம்மிச்சி பாஸ்புக்க எடுத்துட்டு பஸ் ஏறிட்டு இருக்காங்க, அடுத்த அப்டேட்லயும் இப்படியே இருந்தா கணக்க வேற பேங்குக்கு மாத்திருவோங்க.