சாயினா, பெய்யா? துருக்கிக்கு எழுதும் முதல் மின்னஞ்சல்

துருக்கியின் டெனிஸ்லி நகரம் துண்டுகளுக்குப் பேர் போனது. சிங்கப்பூரில் ஓட்டல்களுக்குத் துணிச் சரக்கு வாங்கித் தரும் ஒரு நிறுவனத்திலிருந்து கவிதா என்பவர் அங்குள்ள ஒரு துண்டு ஆலைக்கு முதல் தடவையாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலையின் இணையதளத்தில் விற்பனைத் தொடர்பு என்று ஒரே ஒரு பெயர் இருக்கிறது: டெனிஸ் காயா. முதல் வரியிலேயே அவர் மூன்று நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாமே புத்தகத்தில் இருக்கும் வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு தூரத்தில் நின்று பேசுகிறது.

முதல் போட்டி இந்த இரண்டுக்கும் இடையே:

```
Sayın Kaya,
Deniz Bey, / Deniz Hanım,
```

மேலே இருப்பது 'சாயின்'. மதிப்புக்குரிய என்று பொருள். (கடைசி எழுத்துக்கு முன்னால் வரும் புள்ளியில்லாத ı நம் இகரம் அல்ல, 'பாட்டு' என்பதன் கடைசியில் வாயைக் குவிக்காமல் சொல்கிறோமே, அந்தக் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் வரும்.) சாயினுக்குப் பின்னால் குடும்பப் பெயர் வரும், அல்லது முழுப்பெயர் வரும். கீழே இருப்பதில் ஆணுக்கு 'பெய்', பெண்ணுக்கு 'ஹனிம்'. இவை முதற்பெயரோடு மட்டும் ஒட்டும், அதுவும் பெயருக்குப் பின்னால். 'முருகேசன் ஐயா' என்று நாம் சொல்கிற அதே வரிசைதான். மிஸ்டருக்குப் பழகியவர்கள் 'காயா பெய்' என்று குடும்பப் பெயரோடு ஒட்டிவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் செய்யும் பிழைகளில் முதலில் கண்ணில் படுவது இதுதான்.

ஏன் இப்படி இரண்டு முறைகள்? துருக்கியில் குடும்பப் பெயர் என்பதே புதுசு. 1934 ஜூனில் வந்த சட்டம்தான் எல்லோரும் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு சட்டம் வந்து பெய், ஹனிம், எஃபெந்தி, பாஷா போன்ற பட்டங்களையெல்லாம் ஒழித்தது. சட்டத்தின் முன்னும் அரசு ஆவணத்திலும் ஒருவர் வெறும் பெயரோடு நிற்க வேண்டும் என்பது நோக்கம். ஆவணத்தில் பட்டம் போனது, வாயில் போகவில்லை. மக்கள் அதுவரை கூப்பிட்டது முதற்பெயரும் பெய்யும்தான், அதையே தொடர்ந்தார்கள். எழுத்துக்குச் சாயினும் குடும்பப் பெயரும், பேச்சுக்கு முதற்பெயரும் பெய்யும் என்று இரண்டு தடங்கள் ஆனது அப்படித்தான். பெய்க்கும் ஹனிமுக்கும் மாற்றாக முன்வைத்த 'பாய்', 'பாயான்' இன்று பெரும்பாலும் படிவங்களிலும் கழிப்பறைக் கதவுகளிலும் இருக்கின்றன. அவற்றை விளிப்பாக வைத்து எழுதினால் மொழிபெயர்ப்புப் படத்தின் வசனம் மாதிரி இருக்கும். 'பாயான்' என்ற சொல்லையே பிடிக்காத பெண்களும் பலர்.

இப்போது கவிதாவின் சிக்கலுக்கு வருவோம். டெனிஸ் என்றால் கடல். ஆணுக்கும் வைக்கிறார்கள், பெண்ணுக்கும் வைக்கிறார்கள். பெய் போடுவதா, ஹனிம் போடுவதா? துருக்கிய மொழியில் அவன், அவள் என்ற வேறுபாடே கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் அவர்கள் அனுப்பும் கடிதங்களைத் துருவிப் பார்த்தாலும் துப்புக் கிடைக்காது. சாயின் இங்கேதான் ஜெயிக்கிறது. அதற்கு ஆண் பெண் கணக்கே இல்லை. முழுப்பெயரோடு போட்டால் எது குடும்பப் பெயர் என்ற குழப்பமும் தீர்ந்தது. சில ஆண்களுக்கு இரண்டு முதற்பெயர் இருக்கும், மணமான சில பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையும் புகுந்த வீட்டுப் பெயரையும் சேர்த்தே எழுதுவார்கள். முழுப்பெயரை அப்படியே போட்டுவிட்டால் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. அதனால் முதல் கடிதத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்:

```
Sayın Deniz Kaya,
```

ஆள் ஆணா பெண்ணா என்று தெரிந்திருந்தால், யாராவது அறிமுகம் செய்து வைத்திருந்தால், 'டெனிஸ் பெய்' என்றே தொடங்கலாம், தப்பில்லை. கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவதாக இருந்தாலும் 'டியர் மிஸ்டர் டெனிஸ்' என்பதைவிட 'டியர் டெனிஸ் பெய்' நன்றாகவே எடுபடும். பெண்களுக்கு ஹனிம் இன்னும் வசதி. மணமானவரா இல்லையா என்று அது கேட்பதே இல்லை.

இரண்டையும் கலந்து 'சாயின் டெனிஸ் ஹனிம்' என்று எழுதுகிறவர்களும் ஏராளம். 'திரு. முருகேசன் அவர்கள்' மாதிரி இரட்டை மரியாதை. கறாரான ஆட்கள் ஒன்று போதும் என்பார்கள், ஆனால் இதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது போட்டியாளர் 'மெர்ஹபா', அதாவது வணக்கம். இளைஞர்கள் நடத்தும் நிறுவனங்களில் முதல் கடிதமே 'மெர்ஹபா டெனிஸ் ஹனிம்' என்று வரும். நடுத்தர வயது ஆலை முதலாளிக்கு முதல் கடிதத்தில் அது கொஞ்சம் அவசரமாகத் தெரியலாம். இரண்டாவது கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வெறும் மெர்ஹபா மட்டும் போட்டுப் பெயரை விட்டால் மொத்தமாக நூறு பேருக்கு அனுப்பிய விளம்பரம் போல இருக்கும். பெயரே கிடைக்காவிட்டால் 'சாயின் யெட்கிலி', பொறுப்பாளர் அவர்களுக்கு என்பது. அதைப் பார்த்ததும் 'இவர் நம்மைத் தேடிப் பார்க்கவில்லை' என்று தெரிந்துவிடும் என்பதால் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் கதை வேறு. அங்கே பேராசிரியரைப் பட்டத்தோடு 'சாயின் புரொஃப். டாக்டர் காயா' என்றோ, 'சாயின் ஹோஜாம்', அதாவது மதிப்புக்குரிய என் ஆசிரியரே என்றோ எழுதுவார்கள். ஆலைக்காரரை ஹோஜாம் என்று எழுதிவிடாதீர்கள்.

விளிப்பில் தப்பித்தவர்கள் அடுத்து மாட்டுவது கேட்கும் முறையில். அகராதியைப் புரட்டினால் 'ரிஜா எடெரிம்' என்பதற்குத் 'தயவுசெய்து கேட்கிறேன்' என்று இருக்கும். பணிவாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் துருக்கிய அரசு அலுவலகக் கடிதங்களுக்கு ஒரு விதி உண்டு. மேலிடத்துக்கு எழுதினால் 'அர்ஸ் எடெரிம்', சமர்ப்பிக்கிறேன் என்று முடிக்க வேண்டும். கீழிடத்துக்கு எழுதினால் 'ரிஜா எடெரிம்'. குடிமகன் ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதினால் அர்ஸ்தான். ஆகவே ரிஜா என்பது மேலிருந்து கீழே வரும் வேண்டுகோள். நம் ஆபீஸ் கடிதத்தில் 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்றால் அது வேண்டுகோள் இல்லை என்று நமக்குத் தெரியும் அல்லவா, அந்த மாதிரி. நிறுவனங்களுக்கு இடையே ரிஜா சாதாரணமாகப் புழங்குகிறது, யாரும் அடிக்க வரமாட்டார்கள். இருந்தாலும் முன்பின் தெரியாத ஒருவர் முதல் கடிதத்திலேயே எழுதினால் உத்தரவு வாடை அடிக்கும். அர்ஸ் போட்டாலோ வாங்க வந்தவர் மனு கொடுப்பது போல ஆகிவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: கேள்வியாகக் கேட்பது. 'பகிர முடியுமா?' என்பதை 'நீங்கள்' என்ற விகுதியோடு கேட்டால் போதும். நீ, நீங்கள் வேறுபாடு அவர்களிடமும் உண்டு. நமக்குப் பழக்கமான விஷயம் என்பதால் இதில் தமிழர்கள் தடுமாறத் தேவையில்லை.

முடிக்கும் சொல்லிலும் இரண்டு பெரிய போட்டியாளர்கள். 'சய்கிலாரிம்லா', என் மரியாதைகளுடன். யாருக்கும் எப்போதும் பொருந்தும், கொஞ்சம் விறைப்பு. 'இயி சாலிஷ்மலர்', உங்கள் வேலை நன்றாக நடக்கட்டும் என்ற வாழ்த்து. அலுவலகத்துக்கு அலுவலகம் தினமும் எழுதுவது, கொஞ்சம் இளக்கம். இங்கே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. வாழ்த்தைக் கடைசி வாக்கியத்திலும் மரியாதையைக் கையெழுத்துக்கு மேலேயும் வைத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று சமன் செய்கின்றன. 'செவ்கிலர்', அன்புடன் என்பது, நண்பர்களுக்கு. முன்பின் தெரியாதவருக்கு வேண்டாம்.

ஆக, கவிதாவின் கடிதம் இப்படி அமையும்:

```
Konu: Banyo havlusu için fiyat teklifi talebi

Sayın Deniz Kaya,

Ben Kavitha Selvaraj. Singapur'da otellere tekstil
tedarik eden bir firmanın satın alma sorumlusuyum.

70x140 cm beyaz pamuklu banyo havlusu için 2.000 adetlik
fiyat teklifinizi ve teslim sürenizi paylaşabilir misiniz?

Şimdiden teşekkür eder, iyi çalışmalar dilerim.

Saygılarımla,
Kavitha Selvaraj
```

முதல் பத்தியில் யார், எங்கிருந்து. அடுத்ததில் 70-க்கு 140 செ.மீ. வெள்ளைப் பருத்திக் குளியல் துண்டு 2000 உருப்படிக்கு என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்ற கேள்வி. பிறகு முன்கூட்டிய நன்றியும் வாழ்த்தும். விளிப்புக்குப் பின் காற்புள்ளி வந்தாலும் அடுத்த வரி பெரிய எழுத்தில்தான் தொடங்கும். 2.000 என்பதில் இருக்கும் புள்ளியைக் கவனியுங்கள். துருக்கியில் ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. அவர்கள் பதிலில் 3,50 என்று விலை வந்தால் மூன்றரை, 3.500 என்றால் மூவாயிரத்து ஐந்நூறு.

எழுத்துகளையும் அப்படியே அடிக்க வேண்டும். புள்ளியுள்ள i, புள்ளியில்லாத ı இரண்டும் தனித்தனி எழுத்துகள். பெரிய எழுத்தில் முறையே İ, I. Sayın என்பதை Sayin என்று அடித்தால் புரியும், ஆனால் பெறுபவரின் பெயரிலேயே புள்ளி மாறினால் வேறு பெயர் மாதிரி ஆகிவிடும். அவர்களுடைய தளத்திலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டுவது உத்தமம்.

கையெழுத்தில் ஒரு சங்கதி. கடைசிச் சொல் குடும்பப் பெயர் என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். செல்வராஜ் கவிதாவின் அப்பா. பதில் 'சாயின் செல்வராஜ்' என்று வந்தால் அப்பாவுக்கு வந்த கடிதம் இல்லை, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். 'S. Kavitha' என்று போட்டிருந்தால் கவிதாவே குடும்பப் பெயராகியிருக்கும்.

பதிலில் அவர்களே 'மெர்ஹபா கவிதா ஹனிம்' என்று வந்தால் ஒரு படி இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். கவிதாவும் அதே படிக்கு இறங்கலாம், அதற்கும் கீழே வேண்டாம். ஆனால் டெனிஸ் ஆணா பெண்ணா என்பது இன்னும் தெரியவில்லை. கையெழுத்தில் 'விற்பனை மேலாளர்' என்றுதான் இருக்கிறது. அவசரப்படாமல் இன்னும் ஒரு கடிதம் முழுப்பெயரோடே ஓட்டலாம். சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்து வேறொருவர் நடுவில் நுழைந்து 'டெனிஸ் பெய் சொன்னபடி' என்று எழுதும் நாள் வரும். அப்புறம் கவிதாவும் எழுதலாம்:

```
Merhaba Deniz Bey,
```