கனடாவில் முதல் வரிக் கணக்கு: வந்திறங்கிய தேதியைச் சுற்றித்தான் எல்லாம்

2024 ஜூலை 1-ஆம் தேதி சென்னையிலிருந்து குடும்பத்தோடு டொரோண்டோ வந்தோம். கம்பெனி மாற்றல் என்பதால் வந்த வாரமே வேலை, ஆண்டுச் சம்பளம் 72,000 டாலர். அதற்குப் பிறகு இரண்டு வரிக் கணக்குகள் தாக்கல் செய்தாயிற்று. இரண்டாவது எளிது. முதலாவதுதான் வேறு மாதிரி, ஏனென்றால் ஆண்டின் பாதி இந்தியாவில், பாதி இங்கே. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அந்தப் பாதிக் கணக்கைப் பற்றித்தான் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தேதி. படிவத்தின் முதல் பக்கத்திலேயே கனடாவில் குடியிருக்கத் தொடங்கிய நாளைக் கேட்பார்கள். பி.ஆர். என்கிற நிரந்தர வதிவிட உரிமை உறுதியான நாளும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிப்ரவரியில் ஒரு வாரம் வந்து கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, ஜூலையில் வீடு எடுத்து மனைவி மக்களோடு வந்தவருக்குப் பொதுவாக ஜூலைதான் கணக்கு. வீடு, துணை, பிள்ளைகள் இங்கே வந்து சேர்ந்த நாளைத்தான் பார்க்கிறார்கள். அந்த நாளுக்கு முன்னால் இந்தியாவில் வாங்கிய சம்பளத்துக்குக் கனடாவில் வரி இல்லை. அந்த நாளிலிருந்து உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே காட்ட வேண்டும்.

வரி இல்லை என்பதால் ஜனவரி முதல் ஜூன் வரையிலான இந்தியச் சம்பளத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. வருவதற்கு முந்தைய வருமானத்துக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது, அதில் டாலராக மாற்றி எழுத வேண்டும். பிள்ளைகளுக்கான மாத உதவித்தொகை, ஜி.எஸ்.டி. கிரெடிட் போன்றவற்றை அந்த எண்ணையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். பிள்ளைத் தொகைக்கு வரிக் கணக்கு வரை காத்திருக்கவே வேண்டாம், வந்ததும் அதற்கான RC66, RC66SCH படிவங்கள் இரண்டையும் நிரப்பி அனுப்பிவிடலாம். ஆனால் அது தொடர்ந்து வர வேண்டுமென்றால், வருமானமே இல்லாத துணையும் ஒவ்வோர் ஆண்டும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

அடுத்தது, பலர் பெரிய ரீஃபண்டை எதிர்பார்த்து ஏமாறும் இடம். 2024-க்கு மத்திய அரசின் அடிப்படைத் தனிநபர் கழிவு, அதாவது வரி விழாத முதல் பகுதி, 15,705 டாலர். பாதி ஆண்டு சம்பாதித்தவருக்கு முழுக் கழிவும் கிடைத்தால் நிறையத் திரும்ப வருமே என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். அது நாள் கணக்கில் குறைக்கப்படும். ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை 184 நாள், 2024 லீப் ஆண்டு என்பதால் 366 நாள். 15,705 × 184 ÷ 366 என்றால் 7,895 டாலர். ஒன்ராறியோ கழிவும் இதே விகிதத்தில் குறையும். வருவதற்கு முந்தைய மாதங்களில் உலகத்தில் எங்குமே வருமானம் இல்லை என்றாலோ, இருந்த வருமானத்தில் 90 சதவீதமாவது கனடாவிலிருந்து வந்தது என்றாலோ முழுக் கழிவும் உண்டு. ஊரில் ஜூன் வரை சம்பளம் வாங்கியவருக்கு அது பொருந்தாது.

அப்படியானால் கையிலிருந்து கட்ட வேண்டி வருமா? என் கணக்கில் வரவில்லை. கம்பெனி ஒவ்வொரு சம்பளத்திலும் வரி பிடிக்கும்போது அந்தச் சம்பளத்துக்கு உரிய பங்குக் கழிவைத்தான் கொடுக்கிறது. ஆறு மாதத்தில் அது 15,705-இல் பாதி, அதாவது 7,852. நாள் கணக்கில் வந்ததும் கிட்டத்தட்ட அதேதான். ரீஃபண்ட் வந்தது வேறு வழியில். முழு ஆண்டும் 72,000 வாங்குவேன் என்று நினைத்துத்தான் வரி பிடிக்கிறார்கள், 2024-இல் அதில் 55,867-க்கு மேற்பட்ட பகுதிக்கு 15-க்குப் பதில் 20.5 சதவீதம். உண்மையில் நான் வாங்கியது 36,000, முழுவதும் கீழ்ப்படியிலேயே அடங்கிவிடுகிறது. மாகாண வரியிலும் இதே கதை. இரண்டும் சேர்ந்து 800 டாலருக்கு மேல் திரும்ப வரும். அப்புறம் சி.பி.பி. ஓய்வூதியப் பிடித்தத்தில் ஆண்டுக்கு 3,500 டாலர் விலக்கு உண்டு, அது நாள் கணக்கில் குறையாது. சம்பளத்தில் அதில் பாதிதான் விலக்கியிருப்பார்கள். மீதி 1,750-க்கு 5.95 சதவீதம், 104 டாலர். இதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, கணக்கிலேயே சேர்ந்து வந்துவிடும்.

இனி ஊர்ப் பணம். என் அனுபவத்தில் அதிக நேரம் தின்றது இதுதான். இந்திய வங்கித் தாள்கள், பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். அறிக்கை எல்லாம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. இங்கே ஜனவரி முதல் டிசம்பர். நமக்கு வேண்டியதோ ஜூலை முதல் டிசம்பர். பத்து லட்சம் ரூபாய் எஃப்.டி., 7 சதவீத வட்டி என்று வையுங்கள். ஆண்டுக்கு 70,000. அதில் 184 நாள் பங்கு சுமார் 35,191 ரூபாய், டாலருக்கு 61 ரூபாய் வீதம் 577 டாலர். இதை மட்டும்தான் 2024 கணக்கில் காட்ட வேண்டும். டிசம்பர் வட்டி வரவு வைத்த தேதியை மட்டும் பார்த்து முழுத் தொகையையும் எழுதினால், வருவதற்கு முன்னால் சேர்ந்த வட்டிக்கும் சேர்த்து வரி கட்டுவோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கும் பி.பி.எஃப். வட்டிக்கும் இந்தியாவில் வரி இல்லை, ஆனால் கனடாவில் அவையும் வருமானம்தான். வங்கி மேலாளர் வரியில்லை என்று சொல்வது இந்தியாவுக்கு மட்டும்.

இந்தியப் பக்கம் பாதி ஆண்டுக் கணக்கு என்ற ஒன்றே கிடையாது. 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை நான் அங்கே இருந்தது 91 நாள், வேலைக்காக வெளியேறுகிறவருக்கு 182 நாளுக்குக் குறைவு என்பதால் அந்த நிதியாண்டு முழுவதற்கும் நான் என்.ஆர்.ஐ.தான். உள்ளூர் வங்கிக் கணக்கை என்.ஆர்.ஐ.-க்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியதும் வட்டியில் செஸ் சேர்த்து 31.2 சதவீதம் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மேலே சொன்ன 35,191 ரூபாயில் சுமார் 10,980 போய்விடும். இந்தியா-கனடா ஒப்பந்தப்படி வட்டிக்கு உச்சம் 15 சதவீதம்தான், கனடாவும் அந்த 15-க்குள்தான் வரிக் கிரெடிட் கொடுக்கும். மீதி 5,700 சொச்சத்தை இந்தியாவில் ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும். கனடிய வரித் துறையான சி.ஆர்.ஏ.-விடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கி, ஒப்பந்தச் சலுகை கேட்கும் இந்திய வரிப் படிவத்தோடு வங்கியில் கொடுத்துவிட்டால் அடுத்த முறை தொடக்கத்திலேயே 15 மட்டும் பிடிப்பார்கள். சான்றிதழ் வர நாளாகும், சீக்கிரமே கேட்டுவிடுங்கள்.

ஊரில் வீடோ பங்குகளோ இருந்தால், வந்திறங்கிய நாளின் மதிப்பை அப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். கனடாவைப் பொறுத்தவரை அன்றைய சந்தை மதிப்புக்குத்தான் நாம் அவற்றை வாங்கியதாக அர்த்தம். 35 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட் வந்த நாளில் 70 லட்சம், பின்னால் 80-க்கு விற்கிறோம் என்றால் இங்கே லாபம் 10 லட்சம்தான். அந்த 70-க்குத் தாள் இல்லாவிட்டால் ஐந்து வருஷம் கழித்து நிரூபிப்பது பெரும்பாடு. நான் ஊரில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் தேதியிட்ட அறிக்கை வாங்கினேன். பங்குகளுக்கு அன்றைய டீமேட் அறிக்கையே போதும்.

வெளிநாட்டுச் சொத்தைச் சொல்லும் T1135 படிவம் முதல் ஆண்டுக்குத் தேவையில்லை. இரண்டாம் ஆண்டில் எஃப்.டி., பங்கு, வாடகைக்கு விட்ட வீடு எல்லாம் சேர்ந்து எப்போதாவது ஒரு லட்சம் கனடிய டாலரைத் தாண்டியிருந்தால் போட்டே ஆக வேண்டும். அங்கேயும் எடுத்துக்கொள்வது வந்த நாளின் மதிப்பைத்தான், பழைய வாங்கு விலையை அல்ல. என் இரண்டாவது கணக்கில் அந்த மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே மாலையில் அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டேன். தாக்கலுக்குக் கெடு ஏப்ரல் 30. கம்பெனி தரும் சம்பளச் சான்றான T4 பிப்ரவரி இறுதிக்குள் வந்துவிடும், இந்திய வங்கித் தாள்களை ஜனவரியிலேயே கேட்டுவிடுங்கள்.